அரை ஆம்பியர்தான் கணக்கு: சைக்கிள் டைனமோவில் போன் சார்ஜ் ஏறுவதும் ஏறாததும்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டைனமோ சார்ஜரைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. முன்சக்கரத்தின் அச்சைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஹப் டைனமோ போட்டாச்சு, அதிலிருந்து ஒயர் இழுத்து யூஎஸ்பி சார்ஜரும் மாட்டியாச்சு, நல்ல சமதளத்தில் மிதித்தால் போனில் சார்ஜ் குறி வருகிறது. ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்றில் எதிரே மாட்டினாலோ, தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே அந்த ஏற்ற இறக்கத்தில் மாட்டினாலோ, போன் ‘டிங் டிங்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே சார்ஜ் ஆவதும் நிற்பதுமாக இருக்கிறது, சாயங்காலம் பார்த்தால் காலையில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கிறது. “வண்டி ஓடுது, சார்ஜு ஏற மாட்டேங்கு அண்ணே” என்று நாகர்கோவிலில் ஒரு தம்பி கேட்டான். சார்ஜரைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்பதுதான் அவன் கேள்வி. சார்ஜரில் பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. டைனமோ என்ன தரும், போன் என்ன கேட்கும் என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு பொருத்தமின்மை இருக்கிறது, அதுதான் அங்கே தெரிகிறது.

டைனமோவின் மேல் ‘6 வோல்ட், 3 வாட்’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்ததும் இது ஏதோ 6 வோல்ட் பேட்டரி மாதிரி, தேவைக்குத் தகுந்தபடி கரண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். சக்கரம் சுற்றும்போது காந்தங்கள், செம்புக் கம்பியால் ஆன காயிலைச் சுற்றி ஓடுகின்றன, வேகம் கூடினால் காயிலில் உண்டாகும் வோல்டேஜும் கூடுகிறது. ஆனால் வருவது மாறுதிசை மின்சாரம், அந்தக் காயிலுக்குத் தூண்டல் என்ற குணம் இருக்கிறது, மின்சாரம் எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறதோ அவ்வளவுக்கு அந்தக் காயிலே அதைத் தடுக்கும். வேகம் இரட்டித்தால் வோல்டேஜ் இரட்டிக்கிறது, உள்தடையும் இரட்டிக்கிறது. ஒன்றை ஒன்று அடித்துவிட, கரண்ட் மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. அந்த இடம்தான் ஏறத்தாழ அரை ஆம்பியர். மணிக்கு 15 கிலோமீட்டரில் போனாலும் அரை ஆம்பியர், 30-ல் போனாலும் அரை ஆம்பியரை ஒட்டித்தான். டைனமோவின் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டாலும் அரை ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான், எரிந்துபோகாது.

பழைய டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். முன்விளக்கு 2.4 வாட், பின்விளக்கு 0.6 வாட், சேர்த்து 3 வாட். பின்விளக்கு பல்பு ஃபியூஸ் ஆனால், அதற்குப் பின் வரும் முதல் இறக்கத்திலேயே முன்விளக்கும் பளிச்சென்று எரிந்து போய்விடும். ஏனென்றால் டைனமோ தன் அரை ஆம்பியரை எப்படியும் தள்ளும். இரண்டு பல்பு பகிர்ந்துகொண்டிருந்ததை ஒற்றைப் பல்பு சுமக்க வேண்டி வரும், அதனால் முடியாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் சார்ஜரின் நல்லது கெட்டது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

சரி, சார்ஜருக்குள் என்ன நடக்கிறது? முதலில் நாலு டயோடு சேர்ந்த பிரிட்ஜ், மாறுதிசையை ஒரே திசைக்குத் திருப்புகிறது. மின்சாரம் ஒவ்வொரு தடவையும் இரண்டு டயோடு வழியாகப் போகவேண்டும். சாதாரண சிலிக்கான் டயோடு என்றால் ஒன்றுக்கு 0.7 வோல்ட், ஆக 1.4 வோல்ட் அங்கேயே போச்சு. மொத்தமே ஆறேழு வோல்ட் வருகிற மெதுவான வேகத்தில் இது பெரிய இழப்பு, அதனால்தான் நல்ல சார்ஜர்களில் அதில் பாதி அளவே விழுங்கும் ஷாட்கி டயோடு போடுகிறார்கள். அடுத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்துக் கொடுக்கும் பெரிய உருளையான கெப்பாசிட்டர். ஹப் டைனமோவில் பொதுவாக சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 13 அல்லது 14 தடவை மின்சாரம் திசைமாறித் திரும்பும். மணிக்கு 15 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு இரண்டு சுற்று, அதாவது 28 அலை. வீட்டு மின்சாரத்தின் 50 அலையோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவான துடிப்பு. அந்த இடைவெளிகளை நிரப்ப ஆயிரக்கணக்கான மைக்ரோ ஃபாரடு அளவில் கெப்பாசிட்டர் வேண்டும். சார்ஜரை இன்னும் சின்னதாகச் செய்ய முடியாததற்கு முக்கியக் காரணம் இந்த உருளைதான்.

அதற்குப் பிறகு வருவதுதான் 5 வோல்ட்டுக்கு இறக்குகிற பகுதி. இங்கேதான் நல்ல சார்ஜருக்கும் மட்டமான சார்ஜருக்கும் வித்தியாசம். கடையில் சில்லறை விலைக்குக் கிடைக்கும் 7805 என்கிற மூன்று கால் ஐசியைப் போட்டுச் சிலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். வேலை செய்யும், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐசி, கூடுதல் வோல்டேஜைச் சூடாக மாற்றி வெளியே தள்ளுகிற வகை. உள்ளே அரை ஆம்பியர் போனால் வெளியே அதே அரை ஆம்பியர்தான் வரும். நீங்கள் கீரிப்பாறைப் பக்கம் இறக்கத்தில் 35-ல் பறந்தாலும் போனுக்குப் போவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட், அதற்கு மேல் ஒரு துளிகூடக் கிடையாது.

பக் கன்வெர்ட்டர் என்கிற ஸ்விட்சிங் வகை இதை வேறு விதமாகச் செய்கிறது. அது வோல்டேஜை எரிக்காது, வோல்டேஜைக் கொடுத்துக் கரண்டை வாங்கும். வேகம் கூடும்போது டைனமோ பக்கத்து வோல்டேஜ் 12 வரை ஏறட்டும் என்று விட்டுவிட்டால், 12 வோல்ட்டும் கிட்டத்தட்ட அரை ஆம்பியரும் சேர்ந்து ஐந்தரை வாட்டுக்குப் பக்கம் வரும், அதில் சேதாரம் போக 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியரை நெருங்கும் அளவு போனுக்குக் கிடைக்கும். ‘3 வாட்’ டைனமோவிலிருந்து 5 வாட் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 3 வாட் என்பது 6 வோல்ட் விளக்கை எரிக்கும் கணக்கு. டைனமோவின் உச்ச வரம்பு அது இல்லை.

இன்னும் ஒரு பகுதி இருக்கிறது, விளம்பரத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் சார்ஜர் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. போன் நூறு சதவீதம் நிறைந்துவிட்டது, கரண்ட் எடுப்பதை நிறுத்திவிட்டது, நீங்கள் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். சுமையே இல்லாத டைனமோவின் வோல்டேஜ் அப்போது வேகத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும், நல்ல இறக்கத்தில் 50 வோல்ட்டைத் தாண்டிவிடும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 35 வோல்ட் தாங்கும் வகை என்றால் உப்பி வெடிக்கும், பக் ஐசியும் செத்துப்போகும். அதனால் ஒழுங்கான சார்ஜரில் ஒரு காவல் சுற்று இருக்கும், வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்டினால் டைனமோவின் இரண்டு முனையையும் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக இணைத்துவிடும். மேலே சொன்ன மாதிரி டைனமோவை ஷார்ட் செய்வதில் ஆபத்து இல்லை, அரை ஆம்பியர்தானே ஓடும், சூடும் அதிகம் வராது. பொதுவாக மின்சாதனத்தில் ஷார்ட் ஆவது கெட்ட காரியம், டைனமோவுக்குத் துண்டித்து விடுவதுதான் கெட்ட காரியம். மலிவு சார்ஜர் ஒரு பெரிய இறக்கத்துக்குப் பிறகு செத்துப்போனது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் காவல் சுற்று இல்லாமையைத்தான்.

இனி அந்த ‘டிங் டிங்’ விஷயத்துக்கு வருவோம். போனைச் சொருகியதும் அது யூஎஸ்பியின் இரண்டு டேட்டா கம்பிகளையும் பார்க்கும். அவை ஒன்றோடொன்று இணைந்திருந்தால் ‘இது சுவர் சார்ஜர், ஒன்றரை ஆம்பியர் வரை எடுக்கலாம்’ என்று எடுத்துக்கொள்ளும். எடுக்க ஆரம்பிக்கும். ஒரு ஆம்பியர் என்றாலே 5 வாட், நீங்களோ 15-ல் போகிறீர்கள், வருவது இரண்டு வாட் சொச்சம். கெப்பாசிட்டரில் இருந்தது ஒரு நொடிக்குள் வற்றிப்போகும், சார்ஜரின் உள்பக்க வோல்டேஜ் சரியும். பக் கன்வெர்ட்டருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: உள்ளே வோல்டேஜ் குறைந்தால், வெளியே அதே வாட்டைக் கொடுக்க அது இன்னும் அதிகக் கரண்டை இழுக்கப் பார்க்கும். டைனமோவிடம் அதிகக் கரண்ட் கிடையாது. அதனால் சரிவு மெல்ல நடக்காது, சடக்கென்று விழும். 5 வோல்ட் போய்விட, போன் ‘சார்ஜர் கழன்றது’ என்று நினைத்து விட்டுவிடும். சுமை போனதும் வோல்டேஜ் மறுபடி ஏறும், போன் மறுபடி கண்டுபிடிக்கும், மறுபடி ஒரு ஆம்பியர் கேட்கும், மறுபடி விழும். ஒவ்வொரு தடவையும் திரை எரிகிறது. ஏறுகிற கொஞ்ச சார்ஜைத் திரையே தின்றுவிடுகிறது, அதனால்தான் சாயங்காலம் பார்த்தால் காலையைவிடக் குறைவாக இருக்கிறது.

எல்லா போனும் இப்படி நடந்துகொள்வதில்லை. பல போன்களில் வோல்டேஜ் தொய்வதைப் பார்த்துத் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, அவை 0.3 ஆம்பியர் கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு அமைதியாக இருக்கும். சில போன்கள் இரண்டு மூன்று தடவை விழுந்து எழுந்ததும் ‘இந்தச் சாதனம் சரியில்லை’ என்று சொல்லி, கழற்றி மாட்டும்வரை திரும்பிப் பார்க்காது. அதே சார்ஜரை ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் இதனால்தான், இருவர் சொல்வதும் உண்மையே. சார்ஜர் பக்கத்திலும் இதற்குப் பரிகாரம் செய்கிறார்கள்: உள்வோல்டேஜைக் கவனித்து, அது ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் வெளியே கொடுப்பதைத் தானாகக் குறைப்பது, ஒருமுறை விழுந்தால் வேகம் நன்றாக ஏறும்வரை திரும்ப ஆன் ஆகாமல் காத்திருப்பது. ஜெர்மனியின் புஷ் உண்ட் முல்லர் நிறுவனத்தின் ஈ-வெர்க் என்ற சாதனத்தில் வோல்டேஜையும் கரண்டையும் நாமே திருகி வைத்துக்கொள்ளலாம். ஃபோரம்ஸ்லேடர் என்று இன்னொரு வகை, அதன் உள்ளேயே பேட்டரி இருக்கிறது, அது இந்தச் சிக்கலை வேரோடு எடுத்துவிடுகிறது.

உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, யூஎஸ்பி மீட்டர் என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னப் பெட்டியைச் சார்ஜருக்கும் போனுக்கும் நடுவே மாட்டுங்கள். ராஜாக்கமங்கலம் பக்கம் போகிற சாலை மாதிரி ஒரு சமதளத்தில் 15-ல் ஒரே சீராக மிதித்துக்கொண்டு பாருங்கள். வோல்ட் 4.7-க்கு மேல் நின்று ஆம்பியர் 0.4-ஐ ஒட்டி இருந்தால் எல்லாம் நலம். வோல்ட் 5-க்கும் 4-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தால் போன் அதிகம் கேட்கிறது. வோல்ட் 5.1-ல் ஆடாமல் நின்று ஆம்பியர் சைபர் என்றால் கேபிளிலோ போனிலோ கோளாறு, டைனமோவைத் தொடவே வேண்டாம். சி டைப் இரு முனையும் உள்ள கேபிளைப் போட்டால் சில சார்ஜர்களில் இப்படி ஆகும், பழைய தட்டையான முனையிலிருந்து சி டைப்புக்குப் போகும் கேபிளை மாற்றிப் பார்த்தாலே சரியாகிவிடும்.

எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? நல்ல ஹப் டைனமோ, நல்ல சார்ஜர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே உருப்படியாக எதுவும் வராது. 12-ல் ஒரு வாட். 15-ல் இரண்டு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். 20-ல் மூன்றரை. 25-ல் நாலரை. எல்லாம் ஏறத்தாழ, சக்கர அளவுக்கும் டைனமோவுக்கும் தகுந்தபடி கொஞ்சம் மாறும். இதில் கவனிக்க வேண்டியது, 15-க்கு மேலே வாட் கிட்டத்தட்ட வேகத்தோடு சேர்ந்தே ஏறுகிறது, கரண்ட் மாறாமல் வோல்டேஜ் மட்டும் ஏறுவதால். ஆக வேகமாகப் போனால் வாட் அதிகம், ஆனால் நேரம் குறைவு, இரண்டையும் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு 0.15 முதல் 0.18 வாட்-மணி என்று வந்து நிற்கிறது. அதாவது இந்த வேகங்களில் சார்ஜ் நேரக்கணக்கில் வருவதில்லை, தூரக்கணக்கில் வருகிறது. நூறு கிலோமீட்டர் ஓட்டினால் 15 முதல் 18 வாட்-மணி. ஒரு 5000 எம்ஏஹெச் போன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 19 வாட்-மணி, சார்ஜ் ஏற்றும்போது சேதாரமும் சேர்த்தால் 22 வேண்டும். நூறு கிலோமீட்டர் மிதித்தாலும் ஒரு போன் முழுதாக நிறையாது என்பதுதான் நேர்மையான கணக்கு.

12-க்குக் கீழே இந்தத் தூரக்கணக்கு நொறுங்கிவிடும், அங்கேதான் நம்ம ஊர்ச் சாலைகள் விஷயத்துக்குள் வருகின்றன. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு, தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற ஆடி மாதத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வருகிறவர்களுக்கும் கடைசி நாளில் கிட்டத்தட்ட இதே பாதைதான், காவல்கிணறு வரைக்கும். வள்ளியூர் வரை ஒரு 40 கிலோமீட்டர், 18-ல் வந்துவிடலாம், இரண்டேகால் மணி நேரம், 3 வாட், ஆறேமுக்கால் வாட்-மணி கையில். வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி, இது ஒரு 20 கிலோமீட்டர். மேற்கே இருந்து கணவாய் வழியாக வரும் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும், இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும், உங்கள் வேகம் பத்தரையைத் தாண்டாது. இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்ததற்கு டைனமோ கொடுப்பது அரை வாட் கணக்கில் மொத்தம் ஒரே ஒரு வாட்-மணி. அதுவும் போன் ஒழுங்காக வாங்கிக்கொண்டால். டைனமோவுக்கு உங்கள் வியர்வை தெரியாது, சக்கரத்தின் வேகம் மட்டும்தான் தெரியும். ஆரல்வாய்மொழிக்குப் பிறகு தோவாளை, வெள்ளமடம் வழியாக நாகர்கோவில் வரை 15 கிலோமீட்டர், 15-ல், ஒரு மணி நேரம், இரண்டேகால்.

மொத்தம் பத்து வாட்-மணி. சேதாரம் போக பேட்டரிக்குள் எட்டரை. இந்த ஐந்தேகால் மணி நேரமும் போன் திரையை அணைத்துவிட்டு ஜிபிஎஸ் பதிவு மட்டும் ஓடினால் அரை வாட் மாதிரி செலவு, இரண்டே முக்கால் போகும், மீதம் ஐந்தேமுக்கால் வரை லாபம், பேட்டரியில் முப்பது சதவீதம் ஏறியிருக்கும். அதே போனை ஹேண்டில்பாரில் மாட்டி, வெயிலில் தெரியவேண்டும் என்று வெளிச்சத்தை முழுக்க வைத்து மேப்பை ஓடவிட்டால் இரண்டு வாட் செலவாகும், பத்தரை போகும், சார்ஜரும் மாட்டியிருந்தும் பத்து சதவீதம் நஷ்டத்தில் நாகர்கோவில் வந்து சேரும். இத்தனைக்கும் திரை, டைனமோ, சார்ஜர் எதிலும் குற்றம் இல்லை. எதிர்த்திசையில் போனால் கணவாயில் அதே காற்று முதுகைத் தள்ளும், 25-ல் போகலாம், அந்த 20 கிலோமீட்டரில் மட்டும் மூன்றரை வாட்-மணி கிடைக்கும். ஒரே சாலை, ஒரே தூரம்.

ஹேண்டில்பாரில் போனை மாட்டுவதில் இன்னொரு தொல்லை சூடு. வெயிலில் திரையும் எரிந்து சார்ஜும் ஏறினால் போன் ஒரு அளவுக்கு மேல் சூடாகி, பேட்டரியைக் காப்பாற்றச் சார்ஜ் வாங்குவதைத் தானே குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். போனைப் பைக்குள் போட்டுத் திரையை அணைத்து, வழி தெரியாத முக்குகளில் மட்டும் எடுத்துப் பார்ப்பதுதான் இந்தச் சில வாட்டுகளுக்குள் வாழ ஒரே வழி.

அப்புறம் நடுவில் ஒரு பவர்பேங்க் வைப்பது. ஊற்று மெல்ல ஊறும் கிணற்றில் நேரடியாக மோட்டார் போட்டால் காற்றை இழுக்கும், தொட்டி கட்டி நிரப்பிவைத்து அதிலிருந்து எடுத்தால் தட்டாது. டைனமோ பகல் முழுக்கப் பவர்பேங்கை நிரப்பட்டும், போன் ராத்திரி அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு தடவை மாற்றுவதால் இருபது இருபத்தைந்து சதவீதம் சேதாரம் ஆகும்தான், ஆனாலும் விட்டுவிட்டு வரும் கரண்டை வீணாக்காமல் பிடிப்பதால் நேரடியாகப் போனில் மாட்டுவதைவிடக் கைக்கு அதிகம் வருகிறது. பவர்பேங்க் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். வேகமாகச் சார்ஜ் ஆகும் பெரிய பவர்பேங்க் இரண்டு ஆம்பியர் கேட்டு அதுவும் போன் மாதிரியே டைனமோவைச் சாய்த்துவிடும். உள்வாங்கும் அளவு ‘5 வோல்ட், 1 ஆம்பியர்’ என்று போட்ட, 5000 எம்ஏஹெச்சுக்கு மேல் போகாத பழைய மாதிரிச் சின்னதுதான் இதற்கு நல்லது. போகும்போதே போனையும் அதில் மாட்டி வைக்க நினைத்தால், உள்ளே வாங்கிக்கொண்டே வெளியே கொடுக்கும் வகையா என்று பாருங்கள். பல பவர்பேங்குகள் அதைச் செய்யாது. செய்கிறவற்றிலும் சில, சிக்னலில் நின்று மறுபடி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் வெளியே கொடுப்பதை ஒரு நொடி நிறுத்தி எடுக்கும், அந்த ‘டிங்’ சத்தம் மறுபடி வந்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி நியாயமானது. வீட்டில் நிறைத்த 10,000 எம்ஏஹெச் பவர்பேங்க் ஒன்றில் 37 வாட்-மணி இருக்கிறது. அதே அளவை டைனமோவிலிருந்து எடுக்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வந்து இரண்டு ராத்திரி லாட்ஜில் தங்குகிறவருக்கு டைனமோ சார்ஜர் தேவையே இல்லை, ஒரு பவர்பேங்கும் லாட்ஜ் பிளக்கும் போதும். பிளக் கிடைக்காமல் பல நாள் போகிறவருக்கும், ஏற்கெனவே விளக்குக்காக ஹப் டைனமோ போட்டவருக்கும்தான் இது கணக்குக்கு ஒத்துவரும். பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அங்கே ஹப் டைனமோ போடுவது முக்கியமாக விளக்குக்காகத்தான். விளக்கும் சார்ஜரும் அதே அரை ஆம்பியருக்குப் போட்டி போடும். ராத்திரி விளக்கை எரித்தால் சார்ஜருக்கு எதுவும் மிச்சமிருக்காது, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் விளக்கு மங்கும், போனும் ஏறாது. அதனால் பகலில் சார்ஜர், இருட்டியதும் விளக்கு என்று ஒரு சுவிட்ச் வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடலோரமாகவே ஓட்டுகிறவர்கள் ஹப் பக்கத்து இணைப்பை மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. உப்புக்காற்று பட்ட தகட்டில் பச்சை பூத்தால் அங்கேயே அரை வோல்ட், ஒரு வோல்ட் நின்றுவிடும், மெதுவான வேகத்தில் அந்த ஒரு வோல்ட்தான் சார்ஜ் ஏறுவதற்கும் ஏறாததற்கும் இடையில் நிற்பது. நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, கொஞ்சம் வாஸ்லைன் தடவினால் போதும். போன் முனை இன்னும் மோசம். மழையில் நனைந்த கேபிளில் 5 வோல்ட்டும் இருந்தால் உப்பும் ஈரமும் சேர்ந்து அந்த முனையைச் சீக்கிரமே அரித்துவிடும், சில போன்கள் ஈரம் இருப்பதாகச் சொல்லி மணிக்கணக்கில் சார்ஜ் வாங்காது. ஐப்பசி மழையில் கேபிளைப் போனில் சொருகியே வைக்காமல், மூடிய பைக்குள் இருக்கும் பவர்பேங்கில் மட்டும் சொருகி வைப்பதற்கு இன்னொரு காரணம் இது.

கடைசியாக, வீட்டில் கிடக்கும் பழைய டயர் உரசும் டைனமோவை வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு. செய்யலாம், அதுவும் இதே மாதிரி கரண்ட் வரம்புள்ள சரக்குதான். ஹப் டைனமோ உங்கள் காலிலிருந்து ஐந்து வாட் எடுத்து மூன்று கொடுக்கும், அதனால் இழுப்பது தெரியாது. டயரில் உரசும் வகைக்கு அதைப்போல இரண்டு மடங்கோ மேலேயோ வேண்டும், மழையில் வழுக்கும். அதைவிடப் பெரிய பொறி அதன் ஒயரிங்கில் இருக்கிறது. அந்த டைனமோவிலிருந்து ஒரே ஒரு ஒயர்தான் வரும், இன்னொரு முனை சைக்கிள் ஃபிரேமே. பிரிட்ஜ் போட்டு நேர்திசையாக மாற்றிய பிறகு சார்ஜரின் மைனஸ் பக்கம், அதாவது யூஎஸ்பி சாக்கெட்டின் இரும்பு உறை, அந்த ஃபிரேமைத் தொடவே கூடாது. தொட்டால் பிரிட்ஜில் ஒரு டயோடு செத்த மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு அலையிலும் ஒரு பாதியை டைனமோ தனக்குத்தானே ஷார்ட் செய்துகொள்ளும். சார்ஜரை இரும்புக் கிளாம்பு போட்டு ஹேண்டில்பாரில் இறுக்கியவர்களுக்குப் பாதி கரண்ட்தான் வருகிறது, டைனமோ வழக்கத்தைவிடக் கரகரவென்று அதிர்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சில ஹப் டைனமோக்களிலும் ஒரு முனை அச்சோடு இணைந்தே வரும், அங்கேயும் இதே கதை. சார்ஜரைக் கிளாம்பிலிருந்து கழற்றி, ஒரு துண்டு சைக்கிள் டியூபைச் சுற்றி, ஃபிரேமில் எங்கும் படாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மீட்டரில் ஆம்பியர் உடனே ஏறினால் அந்த டியூபை அப்படியே விட்டு, அதன் மேலேயே கட்டிவிடலாம்.